அமைதியாக வேலை பார்ப்பவரின் ரேட்டிங் ஏன் நடுவிலேயே நிற்கிறது?

கேள்வி: சென்னையில் ஒரு ஐ.டி. சர்வீஸ் கம்பெனியில் ஆறு வருடமாக புரொடக்‌ஷன் சப்போர்ட்டில் இருக்கிறேன். ராத்திரி ஓடும் பேட்ச் ஜாப் மாதத்துக்கு 20 தடவை ஃபெயில் ஆகிக்கொண்டிருந்தது. வேறு டீமிலிருந்து வரும் ஃபைல் லேட்டாவதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, மணி பார்த்து ஓடிய ஜாபை ஃபைல் வந்தபிறகு ஓடும்படி மாற்றினேன். இப்போது மாதம் நாலு தடவைதான் ஃபெயில் ஆகிறது. ஆனாலும் ரேட்டிங் வழக்கம்போல நடுவில். எல்லா மீட்டிங்கிலும் பேசிக்கொண்டே இருக்கிற, மேனேஜரோடு தினமும் டீக்குப் போகிற ஒருவருக்கு புரொமோஷன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, டீ அரட்டையும் ஒத்துவராது. நான் என்னதான் செய்வது?

பதில்:

ரேட்டிங் எங்கே முடிவாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மேனேஜர் தனியாக உட்கார்ந்து உங்களுக்கு ஒரு எண் போடுகிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவர் போடுவது முன்மொழிவு மட்டுமே. அதற்குப் பிறகு காலிபரேஷன் என்று ஒரு கூட்டம் நடக்கும். ஒரே கிரேடில் இருக்கும் எல்லோருடைய பெயரும் ஒரு எக்ஸெல் ஷீட்டில் இருக்கும். நாலைந்து மேனேஜர்கள், டெலிவரி ஹெட், ஒரு ஹெச்.ஆர். ஆகியோர் உட்கார்ந்து, மேல் ரேட்டிங்குக்கு ஒதுக்கிய இடங்களுக்குள் ஆட்களை அடக்குவார்கள். பெல் கர்வை விட்டுவிட்டோம் என்று சொல்லும் கம்பெனிகளிலும் சம்பள உயர்வுக்கான பட்ஜெட் அளவோடுதான் இருக்கும். அதனால் பெயர் மாறினாலும் இந்தக் கூட்டம் ஏதோ ஒரு வடிவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரு எளிய கணக்கு. ஷீட்டில் 60 பேர், கூட்டம் மூன்று மணி நேரம் என்றால் ஆளுக்கு மூன்று நிமிடம். அதிலும் உச்சியில் யாரை வைப்பது, அடியில் யாரைத் தள்ளுவது என்ற சண்டையிலேயே பெரும்பாலான நேரம் போய்விடும். நடுவில் இருப்பவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்த நேரத்தில் உங்கள் மேனேஜர் வாயிலிருந்து என்ன வாக்கியம் வருகிறதோ, அதுதான் உங்கள் ஒரு வருட உழைப்பு. "நல்ல பையன், சத்தமில்லாம வேலை பார்ப்பான், ஒரு தொந்தரவும் இல்ல" என்று அவர் சொன்னால் அது பாராட்டுப்போலத்தான் கேட்கும். ஆனால் பக்கத்து மேனேஜர் "என் ஆள் கிளையன்ட் எஸ்கலேஷனைத் தனியா சமாளிச்சான்" என்று சொன்னதும் நல்ல பையன் நடு ரேட்டிங்குக்கு இறங்கிவிடுவான். அதை எதிர்க்க உங்கள் மேனேஜரிடம் எண் இல்லை, சம்பவம் இல்லை. உங்கள் மேல் அவருக்குக் கோபமோ பாரபட்சமோ இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கையில் ஆயுதமில்லாமல் அந்த அறைக்குள் போயிருப்பார், அவ்வளவுதான்.

சப்போர்ட் வேலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு ஜாப் ஃபெயில் ஆகி, எல்லோரும் பிரிட்ஜ் காலில் உட்கார்ந்திருக்கும்போது விடாமல் பேசுகிறவரை டெலிவரி ஹெட் பார்க்கிறார், கிளையன்ட்டும் பார்க்கிறார். நீங்கள் செய்தது அந்தக் கால் வராமலே தடுத்தது. வராத காலை யாரும் பார்ப்பதில்லை. மாதம் 16 ராத்திரிகள் நிம்மதியாகத் தூங்கியவர்களுக்கு அதற்குக் காரணம் நீங்கள் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே பேசாத சுபாவம் மட்டுமே உங்கள் பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை. நன்றாகப் பேசுகிற ஒருவர் இதே வேலையைச் செய்திருந்தால் அவருக்கும் இது ஓரளவு மறைந்துதான் போயிருக்கும். தடுத்த வேலையைக் கண்ணுக்குத் தெரிய வைக்க எண்ணைத் தவிர வேறு வழியில்லை. எண்ணை எழுதியே கொடுக்கலாம் என்பது உங்களைப் போன்றவருக்கு வசதி.

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். செல்ஃப் அப்ரைசல் படிவத்தில் நீங்கள் அனேகமாக "பேட்ச் ஜாப் கண்காணிப்பு, இன்சிடென்ட் தீர்வு, ரூட் காஸ் அனாலிசிஸ் செய்தேன்" என்று எழுதியிருப்பீர்கள். இது வேலைப் பட்டியல். உங்கள் டீமில் எல்லோரும் இதையேதான் எழுதியிருப்பார்கள். இதை மேனேஜர் வாயில் வரக்கூடிய வாக்கியமாக மாற்ற வேண்டும்.

முதலில் பழைய நிலை. டிக்கெட் கருவியிலிருந்து, மாற்றம் செய்வதற்கு முந்தைய மூன்று மாதங்களில் இந்த ஜாப் எத்தனை தடவை ஃபெயில் ஆனது என்று எடுங்கள். பிறகு, மாற்றத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்கள். ஒரே ஒரு மாதத்தை எடுத்து ஒப்பிட்டால், "அந்த மாசம் லீவு நாள் அதிகம், ஃபைலே கம்மி" என்று யாராவது ஒருவர் சொல்லி எண்ணை உடைத்துவிடுவார். மாதக் கடைசியும் காலாண்டுக் கடைசியும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி பாருங்கள். ஃபைல் தாமதம் அந்த நாட்களில்தான் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்து, எண்ணிக்கையை மேனேஜரின் அளவையில் சொல்ல வேண்டும். 20 நாலானது என்றால் மாதம் 16 குறைவு. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்று வைத்தால் ஒரு ஃபெயிலியருக்கு மூன்று மணி நேரம், மாதத்துக்கு 48 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் ஆறு நாள். டீமுக்கு மாதம் ஆறு ஆள்நாள் திரும்பக் கிடைத்திருக்கிறது. மேனேஜர்கள் நாள் முழுக்கப் போராடுவது இந்த ஆள்நாள் கணக்கோடுதான். அதோடு, காலை அறிக்கை கிளையன்ட்டுக்குப் போய்ச்சேர வேண்டிய நேரம் முன்பு எத்தனை நாள் தவறியது, இப்போது எத்தனை நாள் தவறுகிறது என்பதையும் எடுங்கள். எஸ்.எல்.ஏ. தவறினால் கிளையன்ட் மேலே புகார் செய்வார் என்பதால் டெலிவரி ஹெட் காதில் முதலில் விழுவது அந்த எண்தான். ஒன்றரை மணி நேரம் என்பதைக் குத்துமதிப்பாகப் போடாமல், ஒரு பத்து டிக்கெட்டைத் திறந்து, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் பார்த்து சராசரி எடுங்கள். அறையில் யாரும் உங்கள் கணக்கைச் சரிபார்க்க மாட்டார்கள் என்று தோன்றும். ஒருவர் சரிபார்த்து ஒரு எண் தவறினால் போதும், மற்ற எண்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது வாக்கியம் இப்படி வரும்: "ராத்திரி பேட்ச் ஃபெயிலியரை மாசம் 20லேர்ந்து 4ஆ கொறச்சது இவங்கதான். டீமுக்கு மாசம் ஆறு ஆள்நாள் மிச்சம். அதுக்கப்புறம் காலை ரிப்போர்ட் லேட்டுன்னு கிளையன்ட்கிட்டேர்ந்து ஒரு எஸ்கலேஷனும் வரல." பத்து வினாடியில் சொல்லிவிடலாம். பக்கத்து மேனேஜர் இதை வெறும் வாய்ப்பேச்சால் தோற்கடிக்க முடியாது. எஸ்கலேஷன் ஒன்றிரண்டு வந்திருந்தால் அந்த எண்ணையே சொல்லுங்கள். சுத்தமாகப் பூஜ்யம் என்பதைவிட ஐந்து ஒன்றானது என்பது சில சமயம் கூடுதலாக நம்பத்தகுந்ததாக இருக்கும்.

ஆனால் இதை மார்ச் மாதம் செல்ஃப் அப்ரைசலில் மட்டும் எழுதினால் போதாது. படிவம் வரும் நேரத்தில் மேனேஜர் இருபது பேர் படிவத்தை இரண்டு நாளில் படித்தாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் நீங்கள் செய்தது எப்போதோ மறந்திருக்கும். ஜனவரியிலிருந்து நடந்தது மட்டும்தான் அவர் நினைவில் நிற்கும். தினமும் டீக்குப் போகிறவருக்கு உள்ள சாதகமே இதுதான். அவர் வருடம் முழுக்க, ஒவ்வொரு நாளும் இரண்டு வரியாகத் தன் அப்ரைசலைப் பேசிக்கொண்டே இருக்கிறார். நீங்கள் அதை மாதத்துக்கு ஒரு மெயிலாகச் செய்யுங்கள்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, இருபது நிமிடம் போதும். மேனேஜருக்கு மட்டும் அனுப்புங்கள். யாருக்கும் சி.சி. வேண்டாம். மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி:

"இந்த மாதம் முடிந்தது: ராத்திரி பேட்ச் ஃபெயிலியர் 4 (மாற்றத்துக்கு முன் மாத சராசரி 20). சேஞ்ச் டிக்கெட் எண் இது.
உதவியவர்கள்: ஃபைல் அனுப்பும் டீமின் லீட், கோப்பு வந்துசேரும் நேரப் பட்டியலைக் கொடுத்தார்.
மீதமுள்ள பிரச்சினை: அந்த நாலில் மூன்று மாதக் கடைசி நாளில் வருபவை. ஃபைல் அளவு பெரிதாவதால் டைம் அவுட் ஆகிறது.
அடுத்த மாதம் செய்யப்போவது: டைம் அவுட் வரம்பை மாற்றிச் சோதிப்பது.
உங்களிடம் வேண்டியது: டேட்டாபேஸ் டீமிலிருந்து ஒருவரின் இரண்டு மணி நேரம்."

ஐந்து வரி, அதற்கு மேல் வேண்டாம். கடைசி வரி முக்கியமானது. வெறும் தற்பெருமைப் பட்டியலாக வரும் மெயிலை மூன்றாவது மாதம் மேனேஜர் திறக்கவே மாட்டார். அவரிடம் ஏதோ ஒரு முடிவு கேட்கும் மெயிலுக்குப் பதில் போட்டாக வேண்டும். பதில் போடும்போது மேலே உள்ள நாலு வரியும் கண்ணில் படும். உதவியவர்கள் என்ற வரியும் மரியாதைக்காக மட்டும் இல்லை. உங்கள் மெயில் எப்போதாவது ஃபார்வர்ட் ஆகி அந்த லீட் கண்ணில் பட்டால், "என் பேரையும் போட்டிருக்காங்க" என்று அவர் உங்களுக்கு ஆதரவாளராகிறார். போடாமல் விட்டால் "நாங்க நேரப் பட்டியல் கொடுக்கலன்னா இது நடந்திருக்குமா?" என்பார்.

இங்கே பலர் வழுக்கும் இடம் சி.சி. மேனேஜர் கண்டுகொள்ளவில்லை என்ற ஆதங்கத்தில் டெலிவரி ஹெட்டையும் சேர்த்து அனுப்புவார்கள். அந்த ஒரு மெயிலில் மேனேஜர் உங்களை எச்சரிக்கையோடு பார்க்கத் தொடங்கிவிடுவார். காலிபரேஷன் அறையில் உங்களுக்காகப் பேச வேண்டிய ஒரே ஆளை நீங்களே தள்ளிவைத்ததாகிவிடும். பி.சி.சி. இன்னும் மோசம். டெலிவரி ஹெட் ரிப்ளை ஆல் கொடுத்தால் வெட்டவெளிச்சமாகிவிடும்.

மேலே போய்ச்சேர நேரான வழி ஒன்று இருக்கிறது. கிளையன்ட்டுக்கும் டெலிவரி ஹெட்டுக்கும் மாதாமாதமோ காலாண்டுக்கு ஒருமுறையோ ஒரு பிரசன்டேஷன் போகும். கியூ.பி.ஆர். என்று சொல்வார்கள். அதை நிரப்புவது மேனேஜருக்குப் பெரிய தலைவலி. முந்தைய காலாண்டின் ஸ்லைடையே எடுத்து எண்களை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பார். அதற்கு ஒரு வாரம் முன்பு, "பேட்ச் நிலைத்தன்மை பற்றி ஒரு ஸ்லைடு தயார் செய்திருக்கிறேன், கியூ.பி.ஆரில் உதவுமா பாருங்கள்" என்று அனுப்புங்கள். ஒரு வரைபடம், மாதவாரியாக ஃபெயிலியர் எண்ணிக்கை, மாற்றம் நடந்த மாதத்தில் ஒரு கோடு. கீழே ஓரத்தில் சின்ன எழுத்தில் தயாரித்தவர் பெயர், தேதி. பெயர் போடுவது பல டீம்களில் வழக்கமே என்பதால் கூச்சப்பட வேண்டியதில்லை. "அந்த ஸ்லைடை விளக்க ஐந்து நிமிடம் நானும் வரட்டுமா?" என்று கேட்டால் பல மேனேஜர்கள் சரி என்பார்கள். ஏனென்றால் கிளையன்ட் குறுக்குக் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தவர் நீங்கள்தான். கூட்டத்தில் பேச வராது என்கிற ஒருவருக்கு, தான் மட்டுமே அறிந்த விஷயத்தை ஐந்து நிமிடம் சொல்வது வாராந்திர மீட்டிங்கில் குரலை நுழைப்பதைவிட எளிது.

வாராந்திர மீட்டிங்குக்கு வருவோம். பேசுகிறவர் திறமைசாலியாகத் தெரிவது உங்கள் பிரமை இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கேமரன் ஆண்டர்சன், கேவின் கில்டஃப் இருவரும் 2009இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நாலு நாலு பேராகக் குழு அமைத்து கணக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். ஆதிக்க சுபாவம் கொண்டவர்களை மற்றவர்கள் அதிகத் திறமைசாலிகள் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் உண்மையான கணக்குத் திறனில் அவர்கள் அப்படியொன்றும் உயர்ந்தவர்கள் இல்லை. 94 சதவீதப் புதிர்களில், யாரோ ஒருவர் முதலில் சொன்ன பதிலையே குழு இறுதிப் பதிலாக ஏற்றுக்கொண்டது. சரியோ தப்போ, முதலில் சொன்னவர் சொன்னதுதான்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, அதிகம் பேச வேண்டும் என்பதல்ல, முந்திப் பேச வேண்டும் என்பது. ஒரு மணி நேரக் கூட்டத்தில் நாற்பதாவது நிமிடம் நீங்கள் சொல்லும் அருமையான யோசனை, ஏற்கெனவே முடிவான ஒன்றுக்கு எதிர்ப்பாகத்தான் கேட்கும். அதே யோசனை முதல் பத்து நிமிடத்தில் வந்தால் விவாதமே அதைச் சுற்றித்தான் நடக்கும். உள்முகமானவர்களுக்குக் கூட்டத்தில் யோசித்துக்கொண்டே பேசுவதுதான் கஷ்டம். யோசித்து முடித்ததைச் சொல்வது கஷ்டமில்லை. ஆகவே யோசனையை முந்தைய நாளுக்கு நகர்த்துங்கள். அஜெண்டாவைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு புள்ளியை எடுத்து, இரண்டு வாக்கியம் எழுதுங்கள். கூட்டம் நடத்துபவருக்கு சாட்டில் அதை முன்கூட்டியே போட்டு, "இந்தப் பாயின்ட் வரும்போது என்னைக் கூப்பிடுங்க, ஒரு நிமிஷம் சொல்லணும்" என்று எழுதிவிடுங்கள். இடைவெளி தேடி உள்ளே புகுவதுதான் உங்களுக்கு வராதது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

நடுவில் யாராவது வெட்டினால், "ஒரு நிமிஷம், இந்த ஒரு வாக்கியத்த முடிச்சிடறேன்" என்று அதே குரலில் சொல்லித் தொடருங்கள். விளக்கமோ மன்னிப்போ வேண்டாம். நீங்கள் சொன்னதையே வேறொருவர் பத்து நிமிடம் கழித்துத் தன் யோசனைபோல் சொன்னால், "ஆமா, நான் முதல்ல சொன்னதுதான். அதுல ஒரு விஷயம் சேர்க்கணும்" என்று புதிதாக ஒரு விவரத்தைக் கூட்டுங்கள். வெறும் உரிமை கோருவது சண்டைபோலத் தெரியும். விவரத்தைக் கூட்டும்போது, இது யாருடைய சரக்கு என்பது தானாகத் தெரிந்துவிடும். முன்கூட்டியே சாட்டில் போட்டு வைத்தது நேரத்தோடு இருக்கிறது என்பதும் ஒரு காவல்.

மீட்டிங் மினிட்ஸ் எழுத முன்வாருங்கள் என்ற அறிவுரையை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அதில் பாதிதான் சரி. உங்கள் வேலை தொடர்பான முடிவு எடுக்கும் கூட்டத்துக்கு மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் எழுதினால் டீமின் குமாஸ்தா ஆகிவிடுவீர்கள். குறிப்பாகப் பெண்கள் தலையில் இது நிரந்தரமாகக் கட்டப்படுவதைப் பல டீம்களில் பார்க்கலாம்.

இந்த இடத்தில் உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். டீமோடு தமிழில் பேசும்போதும் இதே தயக்கம் உண்டா, இல்லை கிளையன்ட் காலில் ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும்தானா? நம் ஊரில் 'சைலன்ட் டைப்' என்று முத்திரை குத்தப்படுபவர்களில் ஒரு பகுதியினர் உள்முகமானவர்களே இல்லை. கேன்டீனில் வாய் ஓயாதவர் காலில் மியூட்டில் உட்கார்ந்திருப்பார். தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் தப்பு வந்துவிடுமோ என்று பயப்படுபவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். உங்கள் கதை இதுவாக இருந்தால் மருந்து வேறு. காலுக்கு முன் சொல்லவேண்டிய ஐந்து வாக்கியங்களை எழுதி வைத்து, வாய்விட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, பார்த்தே வாசியுங்கள். வீடியோ இல்லாத காலில் யாருக்கும் தெரியாது. அந்த ஐந்து வாக்கியங்கள் வாரா வாரம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் சப்போர்ட் காலில் கேட்கும் கேள்விகளும் ஒன்றேதான். தமிழிலும் தயங்குபவர் என்றால் மேலே சொன்ன முந்தைய நாள் தயாரிப்புதான் உங்களுக்கு.

டீ விஷயம். காலிபரேஷன் அறையை மறுபடி நினைத்துப் பாருங்கள். உங்கள் மேனேஜர் உங்களைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னதும், வேறொரு மேனேஜர் "ஆமா, அவங்கள எனக்குத் தெரியும், நல்லா பண்ணுவாங்க" என்று சொன்னால் விஷயம் முடிந்தது. "யாரு, அந்தப் பேரே கேள்விப்பட்டதில்லையே" என்று சொன்னாலும் விஷயம் முடிந்தது, வேறு மாதிரி. டீக்குப் போகிறவருக்கு முதல் பதில் கிடைக்கிறது. அந்த டீயின் பலன் அவ்வளவுதான். முப்பது பேரோடு அரட்டை அடிக்க வேண்டியதில்லை, அறையில் உட்காரும் நாலைந்து பேரில் இரண்டு பேருக்கு உங்கள் வேலை தெரிந்தால் போதும்.

அந்த இரண்டு பேரை அரட்டையால் பிடிக்க வேண்டாம், வேலையால் பிடியுங்கள். ஃபைல் அனுப்பும் டீமின் மேனேஜர் அனேகமாக அதே அறையில் உட்காருபவர். "உங்கள் லீட் கொடுத்த நேரப் பட்டியலால் எங்கள் ஃபெயிலியர் இவ்வளவு குறைந்தது, நன்றி" என்று அவருக்கு மூன்று வரி எழுதுங்கள். உங்கள் மேனேஜருக்கு இங்கே தாராளமாக சி.சி. போடலாம், ஏனென்றால் இது பாராட்டு. அந்த மேனேஜர் தன் ஆளின் அப்ரைசலுக்கு அந்த மெயிலைப் பயன்படுத்துவார். பயன்படுத்தும்போது உங்கள் பெயர் அவர் மனதில் பதியும். இன்னொருவர், இதே பேட்ச் தாமதத்தால் அவதிப்படும் வேறு ப்ராஜெக்ட்டின் மேனேஜர். உங்கள் தீர்வை ஒரு பக்கத்தில் எழுதி, "உங்கள் பக்கமும் இது உதவலாம்" என்று உங்கள் மேனேஜர் மூலமாகவே அனுப்பச் சொல்லுங்கள். அவருடைய டீமுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினால், டெலிவரி ஹெட் காதுக்கு அது வேறொருவர் வாய் வழியாகப் போகும். நீங்களே போய்ச் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

இனி மேனேஜரோடு நேராகப் பேசுவது. இதைத் தவிர்க்க முடியாது, ஆனால் எப்போது என்பது உங்கள் கையில். அப்ரைசல் கடிதம் கைக்கு வந்தபின் போய்ப் பேசினால் ஆறுதல்தான் கிடைக்கும், ஷீட் மூடிவிட்டது. ஏப்ரல்–மார்ச் வருடம் என்றால் அக்டோபர் சரியான நேரம். அவருக்கு இன்னும் யாருக்கும் வாக்குக் கொடுக்கும் நிர்ப்பந்தம் இல்லை, உங்களுக்குச் சரிசெய்ய ஐந்து மாதம் இருக்கிறது. இருபது நிமிடம் கேளுங்கள், எதற்கு என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். உள்ளே போய் "எனக்கு ஏன் கிடைக்கல, அவருக்கு மட்டும் ஏன்?" என்று ஆரம்பித்தால் அவர் அந்த இன்னொருவரை நியாயப்படுத்தத் தொடங்குவார், உங்கள் இருபது நிமிடமும் அடுத்தவரைப் பற்றிய பேச்சாகவே போய்விடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இந்த வருஷம் நீங்க என் பேர அடுத்த கிரேடுக்கு வெச்சா, அந்த ரூம்ல என்ன ஆட்சேபம் வரும்?"

இந்தக் கேள்வி அவரை உங்கள் பக்கம் உட்கார வைக்கிறது. குறை சொல்வது அவர் இல்லை, அறையில் இருப்பவர்கள். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் வரும் பதில், "விசிபிலிட்டி பத்தல." அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். "யாருக்குத் தெரியணும்? எந்த வேலை தெரியணும்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். "டெலிவரி ஹெட்டுக்கு நீ கிளையன்ட்டோட பேசுவேன்னு தெரியாது" என்று வந்தால், மேலே சொன்ன கியூ.பி.ஆர். ஐந்து நிமிடமே அதற்குப் பதில். இரண்டு தடவை கேட்டும் அவரால் பெயரோ வேலையோ சொல்ல முடியவில்லை என்றால், உங்கள் பெயரை முன்வைக்கும் எண்ணம் அவருக்கு இந்த வருடம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எதுவானாலும் அன்று மாலையே "நாம் பேசியதில் நான் புரிந்துகொண்டது" என்று நாலு வரி மெயில் போட்டுவிடுங்கள்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அடுத்த கிரேடு டீம் லீட் பதவி என்றால், அந்த வேலையில் பேச்சு உண்மையாகவே பாதி. தினம் இரண்டு மூன்று கால், ஆட்களுக்கு வேலை பிரிப்பது, கிளையன்ட்டிடம் கால அவகாசம் வாங்குவது. அந்த இடத்துக்குப் பேசுகிறவரை எடுத்தது அநியாயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வேலை உங்களுக்கு வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பல கம்பெனிகளில் ஆட்களை நிர்வகிக்காத டெக்னிக்கல் வரிசை ஒன்று தனியாக இருக்கும், ஆர்க்கிடெக்ட் பக்கம் போவது. காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, நிஜமாக ஆட்கள் ஏறுகிறார்களா என்பதை உங்கள் லொக்கேஷனில் அந்தக் கிரேடில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர்கூட இல்லை என்றால் அந்த வரிசை வெறும் பவர்பாயின்ட். ரேட்டிங் வேறு, புரொமோஷன் வேறு என்பதும் நினைவிருக்கட்டும். லீட் பதவி உங்களுக்குப் பொருந்தாமல் போனாலும் ரேட்டிங் நடுவில் இருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

செய்யக்கூடாதது ஒன்று. திடீரென்று அடுத்த வாரத்திலிருந்து எல்லா மீட்டிங்கிலும் பேச ஆரம்பிக்காதீர்கள். தயாரிப்பில்லாமல் பேசினால் மற்றவர் சொன்னதையே திருப்பிச் சொல்வீர்கள், உங்களுக்கே அது பிடிக்காது, மூன்றாவது வாரம் பழையபடி மியூட். வாரத்துக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு புள்ளி. அந்த அளவில் ஒரு வருடம் தாக்குப்பிடிக்கலாம்.

ஒரு முழு வருடம் இப்படி எண்ணோடு எழுதிக் கொடுத்து, அக்டோபரில் கேட்டு, அவர் சொன்னதையும் செய்து முடித்து, அப்புறமும் ரேட்டிங் அசையவில்லை என்றால் மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி: "ரூம்ல என் பேருக்கு என்ன சொன்னாங்க?" அவர் உங்கள் எண்களை அறையில் சொன்னார், இடம் இல்லாததால் விழுந்தது என்றால் இன்னொரு சுற்று காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. அந்த எண்களே அவருக்கு நினைவில்லை என்றால் அந்த டீமில் இருந்து பயனில்லை, ப்ராஜெக்ட் மாறுங்கள். உங்கள் பன்னிரண்டு மெயில்கள் அப்போது வீணாகாது, அவற்றிலிருந்து ரெஸ்யூமே அரை நாளில் எழுதிவிடலாம். கிளையன்ட் பெயரையும் அவர்கள் தரவையும் மட்டும் அதில் சேர்க்காதீர்கள், ஆபீஸ் மெயிலைச் சொந்த மெயிலுக்கு ஃபார்வர்ட் செய்யவும் வேண்டாம், அதற்கே வேலை போகலாம்.

வருட நடுவில் உங்களுக்கு மேனேஜர் மாறினாலோ, நீங்கள் ப்ராஜெக்ட்டிலிருந்து ரிலீஸ் ஆனாலோ, பழைய மேனேஜர் போவதற்குள் சிஸ்டத்தில் உங்களுக்கான ஃபீட்பேக்கைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். "அப்புறம் போடறேன்" என்பார். போனபிறகு போட மாட்டார், அடுத்த ப்ராஜெக்ட்டில் மூழ்கியிருப்பார். புதிதாக வந்தவருக்கு உங்கள் முதல் ஆறு மாதம் வெறும் காகிதம், அவர் பார்த்த மாதங்களை வைத்துத்தான் ரேட்டிங் போடுவார். பழையவர் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே, அதுவரை அனுப்பிய மாத மெயில்களை ஒரே மெயிலில் கோர்த்து, அவர் அப்படியே ஒட்டிவிடும்படி ஆறேழு வரியாகச் சுருக்கிக் கொடுங்கள். பதிவாகிவிட்டதா என்று அவர் கிளம்பும் முன் திரையில் பார்த்துவிடுங்கள்.